'நீயே அடிச்சு அனுப்பும்மா': பாசி ஆய்வு மாணவிக்கு இரண்டு பரிந்துரைக் கடிதங்கள்

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர். ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஒரு கல்லூரி வளாகத்தில் கடல்சார் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்தவர். அதன்பின் மண்டபத்தில் கடல்பாசி வாங்கிக் காயவைத்து அனுப்பும் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கள மேற்பார்வையாளராக இருந்தார். இப்போது ஆராய்ச்சிப் படிப்புக்காக மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்: ஜெர்மனியில் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று. மூன்றுக்கும் கடைசி நாள் டிசம்பர் 15. ஒவ்வொன்றும் இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கிறது. ஒன்றை ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரிடமும் மற்றொன்றை நிறுவனத்தின் முன்னாள் மேலாளரிடமும் வாங்க முடிவாயிற்று. அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நடந்த வரிசை மாறவில்லை.

முதல் முயற்சி அக்டோபர் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் நடந்தது. "காலை வணக்கம் சார். வெளிநாடு அப்ளை பண்றேன். எல்.ஓ.ஆர். வேணும் சார், கொஞ்சம் அர்ஜென்ட்." இரண்டு நாளில் கல்லூரி முத்திரையோடு ஒரு தாள் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நான்கு வரி. இந்த மாணவி இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை எங்கள் துறையில் படித்தார், ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி, அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன் என்பதே சாரம். மேலே 'உரியவர்களுக்கு' என்று இருந்தது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்ற பேச்சே இல்லை.

இது பரிந்துரைக் கடிதம் அல்ல, நன்னடத்தைச் சான்றிதழ். நம் கல்லூரிகளில் ஆண்டு முழுவதும் கேட்கப்படுவது அதுதான் என்பதால் கை பழகிப்போய் அதுவே வந்துவிடுகிறது. தேர்வுக் குழு கேட்பது வேறு. இந்த ஆளை உங்களுக்கு எப்படித் தெரியும், என்ன வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தீர்கள், உங்களிடம் படித்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்பார், தனியாக ஆராய்ச்சி செய்வார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த நான்கு வரியில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. 'பணிவானவர்' என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவரோ, சொன்னதை மட்டும் செய்பவர் போலிருக்கிறது என்று அதைத் தலைகீழாகவே படிக்கக்கூடும்.

பேராசிரியர் மேல் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை. அவர் ஆண்டுதோறும் ஏழெட்டு ஆய்வுகளுக்கு வழிகாட்டுகிறார். இந்த மாணவி வெளியேறி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வந்த செய்தியில் படிப்பின் பெயர் இல்லை, கடைசி நாள் இல்லை, எப்படி அனுப்ப வேண்டும் என்பது இல்லை, அவர் ஞாபகத்தைத் தட்டி எழுப்பும் ஒரு வரியும் இல்லை. 'அர்ஜென்ட்' மட்டும் இருந்தது. அதற்கு ஏற்ற தாள்தான் வந்தது.

இரண்டாம் முறை கேட்டது அக்டோபர் 25 வாக்கில், கடைசி நாளுக்கு ஏழு வாரம் முன்பு. அந்தத் தேதிக்குக் காரணம் இருக்கிறது. நவம்பரில் செய்முறைத் தேர்வும் பருவத் தேர்வும் வந்துவிடும். விடைத்தாள் கட்டு மேசைமேல் இருக்கும்போது யாரும் கடிதம் எழுத உட்கார மாட்டார்கள். வாடைக்காற்று மாதங்களில் இந்தப் பக்கம் மின்சாரமும் நெட்டும் எந்த நாளில் காலை வாரும் என்றும் சொல்ல முடியாது. ஆறு வாரத்துக்குக் குறையாமல் கேட்பது நல்லது. மூன்று மாதம் முன்பே கேட்டாலும் சிக்கல்தான். "இன்னும் நாள் கிடக்கே" என்று ஒதுக்கி வைத்தால் அப்படியே மறந்துபோகும்.

இம்முறை முதலில் போனில் நேரம் கேட்டு, பிறகு துறைக்கே நேரில் போனார். கேள்வியை மாற்றிக் கேட்டதுதான் முக்கியமான திருத்தம். 'கடிதம் தருவீங்களா' என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. "என் ஆய்வைப் பத்தி ஒரு பக்கத்துக்கு விரிவா எழுத உங்களுக்கு நேரமும் ஞாபகமும் இருக்குமா சார்? சிரமம்னா சொல்லிருங்க, நான் வேற ஒருத்தர்கிட்ட கேட்டுக்கிறேன்" என்று கேட்டார். விலகுவதற்கு வழி விட்டுக் கேட்டால்தான் உண்மையான பதில் கிடைக்கும். "பாக்கலாம்", "கடைசியில ஞாபகப்படுத்து", "எச்.ஓ.டி.கிட்ட கேட்டா இன்னும் வெயிட்டா இருக்கும்" என்று பதில் வந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போவது நல்லது. வகுப்பில் முகம் மட்டும் தெரிந்த துறைத்தலைவரைவிட, ஆய்வுக்கூடத்தில் கூடவே நின்ற உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்குத்தான் எடை அதிகம்.

பேராசிரியர் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடற்கரையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் கேட்டாலும் வரக்கூடிய பதில் வந்தது: "அதுக்கென்ன, நீயே ஒண்ணு அடிச்சு அனுப்பும்மா. பாத்துட்டு கையெழுத்துப் போட்டுர்றேன்."

பெரும்பாலான விண்ணப்பங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். தானே எழுதித் தருவது முதலில் நேர்மைப் பிரச்சினை. கடிதம் பரிந்துரைப்பவர் எழுதியதாக இருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. மீறியது தெரிந்தால் விண்ணப்பம் அதோடு முடியும். இன்னொன்று, எழுதியவர் யார் என்று எளிதில் தெரிந்துவிடும். பேராசிரியர் கடிதம், மேலாளர் கடிதம், மாணவியின் நோக்க அறிக்கை மூன்றையும் ஒரே கை எழுதினால் ஒரே சொல்லாட்சி, ஒரே பிழை, ஒரே பத்தி அமைப்பு வரும். மூன்றும் ஒருவர் மேசையில் அருகருகே கிடக்கும்போது அது கண்ணில் படாமல் போகாது. தன்னைப் பற்றித் தானே எழுதும்போது கடிதமும் மட்டமாகத்தான் வருகிறது. ஒன்று கூச்சப்பட்டுப் பொதுவாக எழுதுவார்கள், இல்லையென்றால் 'தலைசிறந்த', 'ஈடு இணையற்ற' என்று அடுக்குவார்கள். 'இந்தத் தொகுதியில் நான் பார்த்தவர்களில்' என்று ஒப்பிட்டு எழுதும் தகுதி மாணவிக்கு இல்லை. அது ஆசிரியருக்கு மட்டுமே உண்டு.

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் முடியாது. மாணவி சொன்னது இது: "சார், மேனேஜர் மேடம் லெட்டரும் போகுது. ரெண்டையும் நான் எழுதினா ஒரே நடையா தெரிஞ்சிரும் சார். நான் செஞ்ச வேலையெல்லாம் தேதி, அளவோட ஒரு பக்கத்துல குறிச்சுத் தர்றேன். அதை வச்சு நீங்க எழுதினா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்." பேராசிரியர் எதிர்பார்த்தது தன் வேலை குறைவதைத்தான். அது குறைகிறது என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார்.

அன்று இரவே அந்தக் குறிப்புத் தாள் மின்னஞ்சலில் போனது. இதில் புதிதாகச் சேர்த்தது குறைவு, எது வேண்டும் என்று பொறுக்கி எடுத்ததுதான் அதிகம். மாணவியின் எம்.எஸ்சி. ஆய்வு கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பைப் பற்றியது. தங்கச்சிமடம் வடகடல் பக்கம் 12 மூங்கில் மிதவைகள். ஒவ்வொன்றும் 12 அடிக்கு 12 அடி. ஒரு மிதவையில் 20 கயிறு, ஒரு கயிற்றில் 150 கிராம் வீதம் 20 விதைப்பாசி, ஆக 60 கிலோ. ஆறு மிதவைக்கு அடியில் வலை கட்டி, ஆறை வலையில்லாமல் விட்டு, ஓரா மீன் மேய்வதால் எவ்வளவு இழப்பு என்று 45 நாள் பார்த்தார். வலை கட்டியவை சராசரியாக 240 கிலோவுக்கு வந்தன. கட்டாதவை 190. நாள் வளர்ச்சி வீதம் 3.1 சதவீதமும் 2.6 சதவீதமும்.

முதல் வரைவில் இதைத்தான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அதெல்லாம் ஆய்வேட்டிலேயே இருக்கிறது, கடிதத்தில் திரும்பச் சொல்லி ஆகப்போவது இல்லை. கடிதத்துக்கு வேண்டியது ஆசிரியர் நேரில் பார்த்த, வேறெந்தத் தாளிலும் இல்லாத ஒன்று. அது மாணவியின் பழைய களக் குறிப்பேட்டில் இருந்தது. 15-ஆம் நாள் எடை போட்டபோது ஒரே மிதவையின் பாசியை இரண்டு தடவை நிறுத்ததில் நான்கு கிலோ வித்தியாசம் வந்தது. தராசில் கோளாறு இல்லை. தண்ணீர் வடியாமலே எடை போட்டதுதான் காரணம். கயிறுகளைக் கம்பில் பத்து நிமிடம் தொங்கவிட்டு, வடிந்தபின் நிறுக்கும் முறையை மாணவியே வைத்தார். அன்றைய அளவை விட்டுவிட்டு அடுத்த நாள் 12 மிதவையையும் திரும்ப நிறுத்தார். அப்போது பேராசிரியரும் கரையில் நின்றிருந்தார். தாளில் இது மூன்று வரிதான். அதைப் படித்ததும் அவருக்கு அந்தக் காலைப்பொழுதே ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அதே முறையைச் சொல்லிக் கொடுத்ததாகக் கடிதத்தில் அவராகவே சேர்த்தார். அப்படி ஒன்று நடந்ததே மாணவிக்குத் தெரியாது. தானே எழுதியிருந்தால் அந்த வரி வந்திருக்காது.

இந்த மாதிரி சம்பவம் இரண்டு போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் எப்போது, என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்ற நான்கும் இருக்க வேண்டும். பெயரடை ஒன்றுகூட வேண்டாம், அது எழுதுபவரின் வேலை. 'இதை எழுதுங்கள்' என்ற தொனியும் கூடாது. தாளின் தலைப்பே 'ஞாபகத்துக்காகச் சில குறிப்புகள்' என்றுதான் இருந்தது.

தாளின் கடைசிப் பத்தி சங்கடமானது. இரண்டாம் பருவத்தில் உயிர்ப்புள்ளியியல் தாளில் மாணவிக்கு ஓர் அரியர் இருந்தது. அடுத்த முறை எழுதித் தேறினார். மதிப்பெண் பட்டியலில் அது தெரியும். மறைத்தால் குழுவே பார்த்து முடிவு கட்டிக்கொள்ளும். இரண்டே வரியில் எழுதினார்: அரியர் இருந்தது, பின்னால் ஆய்வில் இரு குழு மிதவைகளுக்கான புள்ளியியல் ஒப்பீட்டைத் தானே செய்தேன், நீங்கள் கணக்கைச் சரிபார்த்தீர்கள், பொருத்தம் என்று பட்டால் குறிப்பிடுங்கள். பலவீனத்தைப் பற்றி விண்ணப்பதாரர் சொன்னால் சமாதானம் போலக் கேட்கும், கணக்கைச் சரிபார்த்த ஆசிரியர் சொன்னால் சாட்சியாகிவிடும்.

குறிப்புத் தாளோடு போன மற்றவை குறைவு: மதிப்பெண் பட்டியல், இரண்டு பக்கத் தன்விவரம், நோக்க அறிக்கையின் வரைவு, மூன்று படிப்புகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஏன் விண்ணப்பிக்கிறார் என்று இரண்டு வரி, கடிதம் போக வேண்டிய வழி. எல்லாம் ஒரே மின்னஞ்சலில், ஒரே பி.டி.எஃப். ஆக. ஐந்தாறு தனித்தனிக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் தள்ளினால் கல்லூரிக் குழுக்களின் செய்திகளுக்கு நடுவே புதைந்துவிடும். மேலாளர் எதைப் பற்றி எழுதப்போகிறார் என்றும் ஒரு வரி இருந்தது. இருவரும் ஒரே விஷயத்தை எழுதினால் ஒரு கடிதம் வீண்.

மேலாளர் விஷயத்தில் சிக்கல் வேறு. அவர் மண்டபம் நிறுவனத்தை விட்டுத் தூத்துக்குடியில் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டார். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைக் கேட்டபோது பணி அனுபவச் சான்று கொடுத்தார்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. அது தேவைதான், ஆனால் பரிந்துரை ஆகாது. பழைய லெட்டர்ஹெட் தாள் ஒன்று கைவசம் இருக்கிறது, அதிலேயே மேலாளர் கையெழுத்துப் போட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. செய்யவே கூடாது. நிறுவனத்தில் இல்லாதவர் அதன் தாளில் எழுதுவது போலி ஆவணம். சரிபார்க்க ஒரு மின்னஞ்சல் வந்தால் அங்கேயே கதை முடிந்தது. முறையான வழி மிக எளிது. சாதாரணத் தாளில், இப்போதைய பதவியும் நிறுவனமும் சொல்லி, 'அப்போது இன்ன நிறுவனத்தில் கொள்முதல் மேலாளராக இருந்தேன், இவர் நேரடியாக எனக்குக் கீழ் இரண்டு ஆண்டு வேலை பார்த்தார்' என்று முதல் பத்தியில் எழுதினால் போதும். இப்போதைய நிறுவனத்தின் தாளைப் பயன்படுத்தலாமா என்பதை அவர்தான் அங்கே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அவருக்குப் போன குறிப்புத் தாளில் ஆய்வைப் பற்றி ஒன்றும் இல்லை. பத்துக் கிலோ ஈரப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவில் மணலும் ஈரமும் எவ்வளவு என்பதில்தான் பெண்கள் குழுக்களுக்கும் நிறுவனத்துக்கும் ஓயாத தகராறு. பாசியை மணலில் பரப்பாமல் கரையில் கம்பு நட்டு, பழைய வலை விரித்து, அதன்மேல் காயவைக்க இரண்டு குழுக்களை மாணவி சம்மதிக்க வைத்தார். எடையையும் கழிவையும் அவர்கள் கண்முன்னே ஒரு கட்டு நோட்டில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். முன்பு 40 மூட்டைக்கு ஒன்பது திரும்பியது, அதன்பின் இரண்டாகக் குறைந்தது. தாளைப் பார்த்த மேலாளர், "மூட்டைக் கணக்கு எனக்கு ஞாபகமில்லம்மா, நோட்டு போட்டோ இருந்தா அனுப்பு" என்றார். மாணவியிடம் இருந்தது. இருந்ததால்தான் அந்த எண் கடிதத்தில் ஏறியது. பரிந்துரைப்பவரால் சரிபார்க்க முடியாத எண்ணைக் குறிப்பில் கொடுக்கக் கூடாது.

இனி அனுப்பும் வழி. அமெரிக்கப் பல்கலைக்கழகமும் ஜெர்மனியில் ஒன்றும், விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலைப் பதிந்தால் அவருக்கே நேரடியாக இணைப்பு அனுப்பும். அவர் அதில் நுழைந்து கடிதத்தை ஏற்றுவார். இன்னொரு ஜெர்மன் பல்கலைக்கழகம், கையெழுத்திட்ட பி.டி.எஃப்.பை மாணவியே விண்ணப்பத்தோடு ஏற்றச் சொன்னது. ஆக ஒரே கடிதத்துக்கு மூன்று வடிவம் வேண்டும், பல்கலைக்கழகப் பெயர் ஒவ்வொன்றிலும் மாற வேண்டும். ஒன்றின் பெயரை இன்னொன்றில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மாணவி கையில் கொடுக்கப்படும் பிரதியில் அதைப் பார்த்துச் சொல்லலாம். நேரடியாக ஏறுவதில் பார்க்க முடியாது.

அமெரிக்க விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: பின்னாளில் இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? அங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவருக்கு அந்த உரிமையைத் தருவதால் கேட்கிறார்கள். விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பதே வழக்கம். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைக் குழு கூடுதலாக நம்பும். அப்படிக் குறித்துவிட்டு, "சார், அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி" என்று கேட்பது முறையல்ல.

மின்னஞ்சல் முகவரியும் கவனிக்க வேண்டியது. பேராசிரியர் தினமும் பார்ப்பது ஜிமெயில். பல்கலைக்கழகங்கள் விரும்புவதோ நிறுவன முகவரி. கல்லூரி முகவரி அவருக்கு இருந்தது, ஆனால் கடவுச்சொல் மறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இதை முன்பே கேட்டதால் கல்லூரி அலுவலகத்தில் சொல்லி நவம்பர் முதல் வாரத்தில் திறந்தார்கள். கேட்காமல் பதிந்திருந்தால் இணைப்பு யாரும் திறக்காத பெட்டியில் கிடந்திருக்கும். நிறுவன முகவரி அறவே இல்லை என்றால் ஜிமெயிலைக் கொடுத்து, ஆசிரியரின் பெயர் உள்ள துறைப் பக்கத்தின் முகவரியையும் கடிதத்தின் அடியில் சேர்க்கச் சொல்லலாம்.

பெயர் விஷயத்தில் நம் ஊர் இனிஷியல் எப்போதும் குழப்பம். கல்லூரிப் பதிவில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. விண்ணப்பம் பாஸ்போர்ட் படி. கடிதம் கல்லூரிப் பதிவின்படி வந்தால் அங்கே இரண்டு ஆட்களாகத் தெரியும். குறிப்புத் தாளின் தலையிலேயே 'கடிதத்தில் வர வேண்டிய பெயர்' என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார் மாணவி.

இணையப் படிவத்தில் கடிதத்தோடு ஒரு கட்டமும் இருந்தது: இவர் மேல் 5 சதவீதத்திலா, 10-லா, 25-லா? எல்லாவற்றுக்கும் மேல் 5 என்று குறிப்பது நம்மவர்களின் பாசம். ஆனால் 18 பேர் வகுப்பில் மதிப்பெண்ணில் நான்காவதாக வந்தவர், அரியர் வேறு இருக்கிறது. 5 சதவீதம் என்று குறித்தால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். வகுப்பு எண்ணிக்கையும் இடமும் தாளில் இருந்தன. அதனால் பேராசிரியர் படிப்பில் மேல் 25 என்றும், களப்பணியில் மேல் 5 என்றும் பிரித்துக் குறித்து, ஏன் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினார். அந்த வித்தியாசமே கடிதத்துக்கு நம்பிக்கை கொடுத்தது.

கெடு தேதியை இருவருக்கும் டிசம்பர் 10 என்றே சொல்லியிருந்தார். உண்மையான கெடு ஜெர்மனி நேரப்படி 15-ஆம் தேதி இரவு 11.59. நமக்கு அது 16-ஆம் தேதி அதிகாலை 4.29. கணக்குப் போட்டு அந்த விளிம்பில் நிற்பதில் லாபமில்லை. நினைவூட்டல் இரண்டு போனது: நவம்பர் கடைசியில் ஒன்று, டிசம்பர் 7-இல் ஒன்று. இரண்டிலும் பழைய மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பியதால் எல்லாத் தாளும் கீழேயே இருந்தன. மேலாளர் 6-ஆம் தேதியே ஏற்றிவிட்டார். பேராசிரியருக்கு இரண்டு இணைப்பில் ஒன்று வரவே இல்லை. ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. விண்ணப்பப் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே இருந்த 'மீண்டும் அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் வந்தது. அன்று 11-ஆம் தேதி. மழையில் வளாகத்தில் கரண்ட் இல்லை, போன் நெட்டில் ஏற்றினார்.

மாணவி கையால் ஏற்ற வேண்டிய பிரதியில் ஒரே ஒரு பிழை. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மாணவி ஆணாகியிருந்தார். முந்தைய ஆண்டு ஒரு மாணவனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு பத்தி வந்திருக்கிறது. மாணவி தானே திருத்தவில்லை, திருத்தவும் கூடாது. கையெழுத்தான தாளில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது வேறு ஆவணம். போனில் சொன்னார், மறுநாள் புதுப் பிரதி வந்தது. இணைப்பு வழியாகப் போன இரண்டிலும் அதே பிழை இருக்குமே என்று பேராசிரியருக்கே தோன்றி, அந்தப் பல்கலைக்கழகங்களுக்குத் திருத்திய கடிதத்தைத் தன் கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பி வைத்தார்.

பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மாணவி குழுக்களோடு எந்த மொழியில் பேசினார், நோட்டு முறையை யார் தொடங்கினார் என்று இரண்டு கேள்வி. கடிதத்தை எழுதியவரே அவர்தான் என்பதால் பதில் எழுத மாணவியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சுற்றில் வேறு இடத்துக்கு விண்ணப்பித்தால் இதே கடிதத்தை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று மாணவி பின்னர் கேட்டார். மேலாளர் சம்மதித்தார், ஆனால் ஒவ்வொரு முறையும் படிப்பின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தன் முகவரியைப் பதிய வேண்டும் என்றார்.